திறந்த கிரீம் டப்பாவைத் திரும்ப வாங்கலாமா? நான்கு விதிகள், ஒரு கணக்கு

கடந்த ஏப்ரல் மாதம் தூத்துக்குடியிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். எங்களிடம் வாங்கிய 50 கிராம் முகக் கிரீமின் மேல் எண்ணெய் மிதக்கிறது, அடியில் தண்ணீர் போல ஓடுகிறது என்றார். நான் வேலை பார்ப்பது கோவையில், ஆன்லைனில் அழகுசாதனப் பொருட்கள் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில். புகார்களும் திரும்பி வரும் பார்சல்களும் என் மேசைக்குத்தான் வரும். அன்று எங்கள் இணையதளத்தில் இருந்த விதி ஒரே வரிதான்: சீல் உடைத்த பொருள் திரும்பப் பெறப்படாது. அதை அவரிடம் படித்துக் காட்டினேன்.

"திறக்காமல் உள்ளே கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும், தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மாலையே அவருக்குப் பணத்தை அனுப்பிவிட்டோம். ஆனால் விதியை மாற்றி எழுத எங்களுக்கு மேலும் ஐந்து மாதங்கள் ஆயின. அதற்குள் நான்கு வழிகளை எடைபோட்டுப் பார்த்தோம்: திறந்தால் திரும்ப வாங்குவதில்லை என்று நிற்பது, திறந்ததையும் வரவழைத்துப் பணம் தருவது, பொருளை வரவழைக்காமலே பணம் தருவது, டப்பாவுடன் சிறிய சாஷேக்களை அனுப்பி அதை முதலில் பூசிப் பார்க்கச் சொல்வது. இதே முடிவை எடுக்க வேண்டிய சிறு விற்பனையாளர்களுக்கு உதவும் என்பதால் அந்தக் கணக்கை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், திறந்த டப்பாவை ஏன் மறுபடி விற்க முடியாது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். முகக் கிரீம் என்பது பெரும்பாலும் நீரும் எண்ணெயும் சேர்ந்த பால்மம். நீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும். அதைத் தடுக்கத்தான் பதப்படுத்தும் பொருளைச் சேர்க்கிறார்கள். ஆனால் அந்தப் பொருள், ஒருவர் தன் கையால் எடுத்துப் பூசும் அளவுக்கான பாதுகாப்பே தவிர, யாரோ ஒருவர் ஈர விரலை விட்டு, குளியலறையில் இரண்டு வாரம் வைத்திருந்த டப்பாவை இன்னொருவர் முகத்துக்குக் கொண்டுபோவதற்கான அனுமதி இல்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலேயே கிருமி பெருகியிருக்கலாம். ஒவ்வொரு டப்பாவையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்தச் செலவு டப்பாவின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே திறந்த டப்பா வந்து சேர்ந்தால் அதற்கு ஒரே வழி அழிப்பதுதான்.

திறந்ததா இல்லையா என்பதையும் மேலோட்டமாகப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒரு நாள் வந்த டப்பாவில் வெளி அட்டைப்பெட்டி புதிது போல இருந்தது, மூடி இறுக்கமாக இருந்தது. மூடியைத் திருகியபோது உள்ளே அலுமினியச் சீலும் இருந்தது. சாளரத்தருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். இயந்திரம் ஒட்டிய சீல் டப்பாவின் விளிம்பைச் சுற்றி ஒரே அகலத்தில் படிந்திருக்கும். இதில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய சுருக்கங்கள் இருந்தன, விளிம்பில் பசை பளபளத்தது. சீலை உரித்தால் கிரீமின் நடுவில் ஒரு விரல் வழித்தெடுத்த பள்ளம். அதைத் தட்டையாக்க முயன்ற தடமும் இருந்தது. அதைப் பார்க்காமல் அலமாரியில் வைத்திருந்தால் அது அடுத்த வாரம் வேறு யாருடைய வீட்டுக்கோ போயிருக்கும். சீல் உடையாத டப்பா திரும்பி வந்தாலும் இந்தச் சோதனைக்குப் பிறகுதான் இருப்பில் சேர வேண்டும். வெயிலில் கிடந்த பார்சல் என்று சந்தேகம் வந்தால் அதையும் சேர்க்கக் கூடாது.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். உடல்நலம், சுகாதாரம் கருதிச் சீல் வைத்த பொருளின் சீலை உடைத்துவிட்டால் மட்டும் அந்த உரிமை போய்விடும். இந்தியாவில் அப்படிப் பொதுவான திருப்பித் தரும் உரிமை இல்லை. பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்ப வாங்குவது விற்பனையாளர் தாமாக ஏற்கும் சலுகை. ஆனால் குறையுள்ள பொருள் என்றால் கதை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்கள் என்றும் சொல்கிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: குறையுள்ளது, போலியானது, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாதது, சொன்ன தேதிக்குப் பின் தாமதமாக வந்தது என்றால் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இந்தியாவின் இந்த விதிகளில் எங்கேயும் சீல் உடைந்திருந்தால் இவை பொருந்தாது என்ற விலக்கு இல்லை. எங்கள் பழைய ஒற்றை வரி அதனால்தான் தவறு. எண்ணெய் பிரிந்த கிரீம், நிறம் மாறிய கிரீம், புளித்த வாடை வீசும் கிரீம் ஆகிய மூன்றையும் திறந்த பிறகுதான் காண முடியும். தூத்துக்குடி அம்மா கேட்டது சட்டத்தின் கேள்வியேதான். அவர் வழக்குப் போட விரும்பினால் தம் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. 590 ரூபாய்க் கிரீமுக்காக நாங்கள் கோவையிலிருந்து தூத்துக்குடிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் பணம் கிடையாது என்று பலர் இப்போது எழுதுகிறார்கள். உடைந்து வந்த டப்பாவுக்கும் குறைவாக வந்த பொருளுக்கும் அந்த வீடியோ நல்ல சான்று, கேட்டு வாங்கலாம். ஆனால் பால்மம் பிரிவது சில நேரம் பத்தாம் நாள் தெரிகிறது. பிரித்த அன்று எடுத்த வீடியோவில் அது இருக்காது. வீடியோ இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுப்பது நிற்காது.

ஆக, குறையுள்ள பொருளில் நமக்குத் தேர்வே இல்லை: திறந்திருந்தாலும் பணம் தர வேண்டும், கூரியர் செலவும் நம்முடையது. பணத்துக்குப் பதில் அடுத்த முறை வாங்கும்போது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வதாகச் சொல்லலாம், ஆனால் அதை ஏற்கும்படி வற்புறுத்தக் கூடாது. உண்மையான தேர்வு மற்றொரு வகையில்தான் இருக்கிறது: கிரீம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் வாசனை பிடிக்கவில்லை, பிசுபிசுப்பாக இருக்கிறது, எதிர்பார்த்தபடி இல்லை. எங்களுக்கு வரும் கோரிக்கைகளில் பெரும்பங்கு இதுதான்.

இதற்குக் கணக்குப் போட ஒரு டப்பாவை எடுத்துக்கொள்வோம். விலை 590 ரூபாய். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய் போக நமக்கு 500. கிரீம், டப்பா, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து அடக்கம் 170. அனுப்பும் கூரியர் 60. ஆன்லைன் பணப் பரிமாற்றக் கட்டணம் 12. வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பினாலும் இது நமக்குத் திரும்பி வராது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கையில் நிற்பது 258. திரும்ப எடுக்கும் கூரியருக்கு 80 என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் எண்களை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

திறந்த டப்பாவை வரவழைத்துப் பணம் கொடுத்தால், அடக்கம் 170, போன கூரியர் 60, பரிமாற்றக் கட்டணம் 12, வந்த கூரியர் 80 என மொத்தம் 322 ரூபாய் நட்டம். வந்த டப்பா குப்பைக்குப் போகிறது. அதாவது எறிவதற்காக 80 ரூபாய் கொடுத்து ஒரு பொருளைக் கோவைக்கு வரவழைக்கிறோம். அழித்த பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவுப்படி திருப்ப வேண்டும், எனவே உண்மையான நட்டம் இன்னும் கொஞ்சம் கூடும். பலர் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பது ஏமாற்றுவோரைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில். பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்றால் யாரும் சும்மா கேட்க மாட்டார்கள் என்பது வாதம். பாதி உண்மைதான். முக்கால் டப்பா பூசிவிட்டு அனுப்புபவருக்குக் கூரியர் பையன் வீட்டு வாசலுக்கே வருவது ஒரு தடையே இல்லை.

வரவழைக்காமல் பணம் கொடுத்தால் நட்டம் 242. வாடிக்கையாளருக்கும் அலைச்சல் இல்லை. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று வரி: குறையுள்ள பொருளுக்கோ திரும்பி வந்த பொருளுக்கோ கிரெடிட் நோட் போட்டு அந்த 90 ரூபாய் வரியைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொருளில் குறையும் இல்லை, பொருள் திரும்பியும் வரவில்லை என்றால் அந்தக் கழிப்பு கேள்விக்குள்ளாகும். ஆடிட்டரிடம் கேட்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். மற்றொன்று, செய்தி பரவுவது. பிடிக்கவில்லை என்றால் பணமும் வரும், கிரீமும் நம்முடையது என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் தெரிந்துவிட்டால், அடுத்த மாதம் ஒரே தெருவிலிருந்து மூன்று பேருக்கு வாசனை பிடிக்காமல் போகும். இதை வைத்துக்கொள்வதானால் ஒரு தொலைபேசி எண்ணுக்கும் முகவரிக்கும் ஒரு பொருளுக்கு ஒரு முறை என்ற வரம்பும், மூன்றில் இரண்டு பங்காவது மிச்சம் இருப்பதைக் காட்டும் படமும் வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் இந்த வழி மிகச் சரியாகப் பொருந்துவது குறையுள்ள பொருளுக்குத்தான். எண்ணெய் பிரிந்ததைப் படத்தில் பார்த்தாலே தெரிகிறது. அதை வரவழைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை. பேட்ச் எண் தெரியும்படி ஒரு படம் வாங்கிக்கொண்டு பணத்தை அனுப்பிவிடுகிறோம்.

திறந்தால் எதுவும் கிடையாது என்ற பழைய வழியை, பிடிக்கவில்லை என்ற வகைக்கு மட்டும் சுருக்கி வைத்துக்கொள்ளலாம். சட்டம் தடுக்காது, நட்டமும் இல்லை. நூறு ரூபாய் உதட்டுத் தைலம் விற்பவருக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் 590 ரூபாய் கொடுத்து, முன்பின் தெரியாத நிறுவனத்திடம், முகர்ந்துகூடப் பார்க்காமல் ஒருவர் வாங்க வேண்டும் என்றால் இந்த விதி அவரை வாங்கும் முன்பே நிறுத்திவிடுகிறது. கடையில் விற்பவரிடம் சோதித்துப் பார்க்க ஒரு டப்பா மேசை மேல் இருக்கும், புறங்கையில் தடவிப் பார்க்கலாம். ஆன்லைனில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

அந்த வெறுமையை நிரப்புவதுதான் நான்காவது வழி. டப்பாவுடன் அதே கிரீம் ஒரு கிராம் அளவில் மூன்று சாஷேக்கள் போகும். அவற்றைப் பூசிப் பார்த்துவிட்டு, பிடித்தால் டப்பாவின் சீலை உடைக்கலாம். பிடிக்காவிட்டால் சீல் உடையாத டப்பாவைத் திருப்பி அனுப்பினால் பணம் கிடைக்கும். வரும் டப்பா சோதனையில் தேறினால் மறுபடி விற்கலாம் என்பதால் 170 ரூபாய் அடக்கம் தப்பிக்கிறது. போன கூரியர் 60, பரிமாற்றக் கட்டணம் 12, வந்த கூரியர் 80, புது அட்டைப்பெட்டி 15 என நட்டம் 167. பிடிக்கவில்லை என்ற காரணத்துக்குத் திரும்ப அனுப்பும் செலவு வாடிக்கையாளருடையது என்று வாங்கும் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால் 87தான்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று சாஷேக்களுக்கு 9 ரூபாய் ஆகிறது, அது திருப்பி அனுப்பாதவர்களின் பார்சலிலும் போகிறது. 100 ஆர்டர்களுக்கு 900 ரூபாய். ஒரு திறந்த டப்பாவுக்கு 242 ரூபாய் இழப்பதற்குப் பதில் 87 இழக்கிறோம் என்றால் மிச்சம் 155. அப்படியானால் நூற்றுக்கு ஆறு பேராவது திறந்த டப்பாவுக்குப் பணம் கேட்பவர்களாக இருந்தால்தான் சாஷேச் செலவு கட்டுப்படியாகும். விதியைத் தளர்த்திப் பார்த்த மூன்று மாதங்களில் எங்களுக்கு வந்தது நூற்றுக்கு ஐந்து. ஐந்து பேருக்கு மிச்சமாவது 775 ரூபாய், செலவு 900. நட்டம்.

எங்கள் நிறுவனத்தை நடத்தும் அக்கா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இரண்டாவது முறை வாங்குபவருக்கு எதற்கு சாஷே?" என்று கேட்டார். அவர் ஏற்கெனவே அந்தக் கிரீமைப் பூசிப் பார்த்தவர். எங்கள் 100 ஆர்டர்களில் அந்தப் பொருளை முதன்முறை வாங்குபவர்கள் ஏறக்குறைய 60 பேர்தான். அவர்களுக்கு மட்டும் வைத்தால் செலவு 540, மிச்சம் அதே 775. கணக்கு திரும்பிவிட்டது. பில் அச்சாகும்போதே முதல் முறை வாங்குபவரா என்று காட்டும்படி செய்துவிட்டோம். பொட்டலம் கட்டுபவர் அதைப் பார்த்து சாஷே வைக்கிறார்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ஒரு பெரிய தவறு செய்தோம். திருப்பி அனுப்ப ஏழு நாள் கெடு கொடுத்தோம். ஒரு கிரீம் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத் தோல் மருத்துவர்கள் சொல்லும் முறை, முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நாணய அளவு இடத்தில் நாளுக்கு இரண்டு முறை ஏழு முதல் பத்து நாட்கள் பூசுவது. ஒவ்வாமை பல நேரம் உடனே தெரியாது. பூசி இரண்டு மூன்று நாட்கள் கழித்தும் சிவந்து அரிக்கலாம். அந்தப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்த ஒரு வாடிக்கையாளர் பத்தாம் நாள் எழுதியபோது கெடு முடிந்திருந்தது. பொறுப்பாக நடந்துகொண்டவரைத்தான் எங்கள் விதி தண்டித்தது. இப்போது கெடு பார்சல் சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்கள். ஒரே பெரிய சாஷேக்குப் பதில் மூன்று சிறியவை வைப்பதும் இதற்காகத்தான்: திறந்த சாஷேயைப் பத்து நாள் வைத்திருக்காமல் மூன்று நாளுக்கு ஒன்றாகப் பிரிக்கலாம்.

தோல் ஒவ்வாமையை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. ஒருவருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாததால் வேர்க்கடலை கெட்டுவிடாது; அதுபோல ஒருவர் தோல் சிவந்ததால் மட்டும் கிரீமில் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் அது குறையாக இருக்கவும் கூடும், பேட்ச் முழுவதிலும் இருக்கவும் கூடும். அதனால் இந்த ஒரு வகையில் மட்டும் திறந்த டப்பாவையும் எங்கள் செலவில் வரவழைக்கிறோம், 322 ரூபாய் போனாலும் சரி. பணத்தை உடனே கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் பூசினார், எத்தனை நாளில் தெரிந்தது, உடன் வேறு என்ன பூசினார் என்று கேட்டு பேட்ச் எண்ணுடன் பதிவு செய்கிறோம். தயாரிப்பாளர் அதே பேட்சிலிருந்து ஒதுக்கி வைத்த மாதிரியுடன் டப்பாவை ஒப்பிடச் சொல்கிறோம். ஒரே பேட்சில் இரண்டாவது புகார் வந்தால், ஒப்பீட்டின் முடிவு வரும்வரை அந்தப் பேட்ச் விற்பனையை நிறுத்துகிறோம். இங்கே டப்பா குப்பை இல்லை, சான்று.

எல்லோருக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. உதட்டுச் சாயத்தில் பிரச்சினை வாசனை இல்லை, நிறம். திரையில் தெரிந்த நிறமும் உதட்டில் படிந்த நிறமும் வேறாக இருக்கும். இருபது நிறங்களுக்குச் சாஷே செய்ய முடியாது. அங்கே வெவ்வேறு தோல் நிறங்களில் பூசி இயற்கை வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் போடுவதும், திறக்காததற்கு மட்டும் நிறம் மாற்றித் தருவதும்தான் வழி. பெரிய சந்தைத் தளங்கள் மூலம் மட்டும் விற்பவருக்கு விதியைத் தளமே வகுத்துவிடும். அவர் கையில் மிஞ்சுவது பார்சலுக்குள் என்ன வைப்பது என்பது மட்டுமே. மாதம் முப்பது ஆர்டர் அனுப்புபவர் சாஷே அச்சடிக்கப் போனால் குறைந்தபட்ச அச்சு எண்ணிக்கையே அவரை மூழ்கடிக்கும். அவர் பிடிக்கவில்லை என்பதற்குத் திறக்காத டப்பாவை மட்டும் ஏற்று, குறைக்குக் கேள்வி இல்லாமல் பணம் கொடுத்தால் போதும்.

சாஷே வைக்க ஆரம்பித்த முதல் மாதத்தில் பாதிப்பேர் அதைக் கவனிக்காமல் நேராக டப்பாவைத் திறந்துவிட்டார்கள். குறிப்பை அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்தோம். பெட்டியைக் கிழித்து எறிந்த பிறகு யார் அதைப் படிப்பார்கள்? இப்போது அது மஞ்சள் ஸ்டிக்கராக மூடிக்கும் டப்பாவுக்கும் குறுக்கே ஒட்டப்படுகிறது. அதைக் கிழிக்காமல் மூடியைத் திருக முடியாது: "முதலில் சாஷேயைப் பூசிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் இதைக் கிழிக்காமல் 15 நாட்களுக்குள் அனுப்புங்கள், பணம் தருகிறோம். திறந்த பிறகு கிரீமில் குறை தெரிந்தால் படம் அனுப்புங்கள், அதற்கும் பணம் தருகிறோம்."